"கொஞ்சம் கொஞ்சம்" என்றால் எவ்வளவும்மா? ஷார்ஜாவிலிருந்து வந்த கடிதமும் தண்டையார்பேட்டையிலிருந்து போன பதிலும்

என் பெரியவன் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். வழக்கமாக வாய்ஸ் மெசேஜ்தான் அனுப்புவான். போன மாதம் அதிசயமாக நாலு பக்கக் கடிதம் வந்தது. "நீ போன்ல சொல்றது மறந்துடுது, எழுதியே அனுப்பும்மா" என்று நம் வீட்டு மருந்துகளைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி கேட்டிருந்தான்.

நான் 31 வருஷம் மாநகராட்சி மருந்தகத்தில் மாத்திரை எண்ணிக் கொடுத்தவள். என் அம்மா பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் இடித்துச் சலித்துக் கொடுத்தவர். அதனால் இரண்டு பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும், இரண்டு பக்கத்துத் தப்பும் தெரியும். எங்கள் தெருவிலேயே வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கிற வீடு ஏழெட்டு உண்டு. அவர்களும் கேட்டதால், அவன் கேட்டதை அவன் சொல்லிலேயே வைத்து, நான் எழுதிய பதிலைக் கீழே தருகிறேன்.

சளி பிடிச்சா நீ வைக்கிற கஷாயத்துக்கு அளவு என்ன? நீ "கொஞ்சம் கொஞ்சம்"னு போடுவே, அது எவ்வளவுன்னு எனக்குத் தெரியலை.

தப்பு என்னுடையதுதான். உன் ஆயா கைப்பிடியில் போட்டார், நான் அதைப் பார்த்துப் போட்டேன், அளந்ததே இல்லை. உன் கடிதம் வந்த அன்றைக்குத்தான் உட்கார்ந்து அளந்து பார்த்தேன்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு: சுண்டுவிரலில் பாதி நீளத்துக்குச் சுக்கு, மிளகு 10, திப்பிலி 2, தனியா ஒரு மேசைக்கரண்டி. துளசி கிடைத்தால் பத்து இலை, கிடைக்காவிட்டால் கவலை இல்லை. மிளகையும் திப்பிலியையும் தனியாவையும் வெறும் சட்டியில் வாசனை வரும் வரைக்கும் வறு. கருக விடாதே, கருகினால் கசக்கும். சுக்கைத் தட்டிச் சேர்த்து, இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி, சிறு தீயில் ஒரு டம்ளராகச் சுண்ட விடு. வடிகட்டி, காலையில் பாதி, ராத்திரி பாதி. பனங்கற்கண்டோ கருப்பட்டியோ குடிக்கும்போது போட்டுக்கொள். வெறும் வயிற்றில் குடிக்காதே, இரண்டு இட்லியாவது தின்றுவிட்டுக் குடி. மிளகும் திப்பிலியும் வெறும் வயிற்றைப் பதம் பார்த்துவிடும்.

சுக்கில் ஒரு விஷயம். "சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்று உன் ஆயா சொல்லிக்கொண்டே இருப்பார். கடுக்காயில் உள்ளே இருக்கும் கொட்டையை எடுத்துவிட வேண்டும், சுக்கில் மேல்தோலைச் சுரண்டிவிட வேண்டும். கடையில் விற்கிற சுக்கு பல நேரம் வெள்ளை வெளேரென்று இருக்கும். பூச்சி அரிக்காமல் இருக்கச் சுண்ணாம்பு பூசியிருப்பார்கள். கத்தியால் சுரண்டிப் பார், விரலில் மாவு மாதிரி ஒட்டும். அது போகும் வரை சுரண்டி, கழுவி, துடைத்துவிட்டுத் தட்டு. பொடியாக வாங்கினால் இதெல்லாம் பார்க்க முடியாது. அதனால்தான் உனக்கு நான் பொடி அனுப்புவதில்லை, முழுசாக அனுப்புகிறேன்.

இந்தக் கஷாயம் சளியைக் குணமாக்காது. சாதாரணச் சளி ஏழு முதல் பத்து நாளில் தானாகப் போகிற சங்கதி. கஷாயம் தொண்டைக்கு இதமாக இருக்கும், மூக்கடைப்பு கொஞ்சம் இளகும், வயிற்றில் சூடாக ஒன்று இறங்கும். அவ்வளவுதான் அதன் வேலை. அந்த வேலையை அது நன்றாகவே செய்யும்.

எத்தனை நாள் குடிக்கலாம்? பக்கத்து பெட்ல ஒருத்தர் ஒரு மாசமா தினமும் குடிக்கிறார், இருமல் நிக்கலையாம்.

மூன்று நாள். அதற்கு மேல் தேவைப்பட்டால் சளி கஷாயத்துக்கு அடங்கவில்லை என்று அர்த்தம். நெஞ்செரிச்சல், அல்சர் இருக்கிறவர்கள் அந்த மூன்று நாள்கூட வேண்டாம், வெந்நீரும் தேனும் போதும்.

பக்கத்து பெட்காரரைச் சும்மா விடாதே. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்பது நம் ஊரில் காசநோய்த் திட்டத்தின் முதல் பாடம். எங்கள் மருந்தகத்தில் காசநோய் மாத்திரை வாங்க வந்தவர்களில் பாதிப்பேர் முதலில் ஒன்றிரண்டு மாதம் கஷாயத்தில் ஓட்டியவர்கள். எட்டுப் பேர் படுக்கிற அறையில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கும் வர வாய்ப்பு உண்டு. சாயங்காலம் மெல்லிய காய்ச்சல் வருகிறதா, ராத்திரி வியர்க்கிறதா, பேன்ட் இடுப்பில் தொளதொளவென்று ஆகிவிட்டதா என்று கேள். அங்கே வேலை போய்விடுமோ என்ற பயத்தில் மறைப்பார்கள், எனக்கும் அது புரிகிறது. ஆனாலும் மறைத்தால் நோய் முற்றும், செலவும் ஏறும்.

இருமலோடு மூச்சு இரைத்தாலோ, சளியில் ரத்தம் தெரிந்தாலோ இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போகட்டும்.

அதிமதுரம் நல்லதுதானே? நீயே தொண்டைக்குக் குடுப்பியே. ரூம்ல இருக்கிற ராம்நாட் அண்ணனுக்கு அதனால பிரஷர் ஏறிடுச்சுன்னு டாக்டர் சொல்றார், நம்பவே முடியலை.

நம்பு. நீ எழுதியதைப் படித்ததுமே போன் போட்டு அந்தத் தம்பியிடம் பேசினேன். வயது 48. பிரஷருக்கு இரண்டு மாத்திரை, அதில் ஒன்று நீர் பிரிக்கிற மாத்திரை. ஏசி தூசியில் தொண்டை கரகரவென்று இருந்ததால் ஊரிலிருந்து கொண்டுபோன அதிமதுரக் குச்சியை மெல்ல ஆரம்பித்திருக்கிறார். காலையில் ஒரு குச்சி, மத்தியானம் ஒரு குச்சி, ஐந்து வாரமாக. முதலில் கணுக்காலில் வீக்கம். சாக்ஸ் போட்ட இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது. அப்புறம் ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுத்திருக்கிறது. வேலைக் களைப்பு என்று நினைத்துவிட்டார். மாடிப்படி ஏறும்போது தொடை வலுவிழந்து நின்றுவிட்ட பிறகுதான் கிளினிக் போயிருக்கிறார். பிரஷர் 168/100. மாத்திரையை ஒழுங்காகத்தான் போட்டுக்கொண்டிருந்தார். ரத்தத்தில் பொட்டாசியம் 2.9. சாதாரணமாக 3.5க்குக் குறையக் கூடாது.

ஏன் இப்படி ஆகிறது என்றால், நம் உடம்பில் கார்டிசால் என்று ஒரு சுரப்பு இருக்கிறது. சிறுநீரகத்துக்கு அது போகும்போது அங்கே ஒரு நொதி அதைச் செயலிழக்க வைத்துவிடும். அதிமதுரத்துக்கு இனிப்பைத் தருகிற பொருள் அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடுகிறது. உடனே சிறுநீரகம், "உப்பைப் பிடித்து வை, பொட்டாசியத்தை வெளியே தள்ளு" என்று தப்பான உத்தரவு வந்த மாதிரி நடந்துகொள்ளும். உப்பு தங்கினால் தண்ணீர் தங்கும், வீக்கம் வரும், பிரஷர் ஏறும். பொட்டாசியம் போனால் தசை இழுக்கும், இதயத்துடிப்பே தப்பலாம். அவருக்கு நீர் மாத்திரையும் பொட்டாசியத்தை வெளியேற்றுகிற ரகம். ஆக, இரண்டு ஓட்டையிலும் ஒரே நேரத்தில் ஒழுகியிருக்கிறது.

குச்சியை நிறுத்தச் சொன்னார்கள், பொட்டாசியத்துக்கு மருந்து கொடுத்தார்கள். நிறுத்தின மறுநாளே எல்லாம் சரியாகிவிடாது, அந்த நொதி பழைய நிலைக்கு வர இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். அதுவரை பிரஷரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவராகவே "குச்சியை விட்டுட்டேன், இனி பிரஷர் மாத்திரையும் வேண்டாம்" என்று முடிவு பண்ணிவிடாமல் பார்த்துக்கொள்.

உனக்குப் பிரஷர் இல்லை, சிறுநீரகக் கோளாறு இல்லை, இதய நோய் இல்லை. தொண்டை கட்டினால் நகத்தளவு துண்டு, இரண்டு மூன்று நாள், அதோடு விட்டுவிடு. இதெல்லாம் இருக்கிறவர்களும் கர்ப்பிணிகளும் தொடவே வேண்டாம். தொண்டை மிட்டாய், இருமல் டானிக் சிலவற்றிலும் அதிமதுரம் இருக்கும், அட்டையைத் திருப்பிப் படி. "வேர்தானே, என்ன பண்ணிடும்" என்கிற பேச்சை மருந்தக ஜன்னலில் நான் கேட்காத நாளில்லை.

மஞ்சள் பால்?

குடி. ஒரு டம்ளருக்குக் கால் டீஸ்பூன் மஞ்சள்தூள் போதும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தினசரி வழக்கமாக வைத்துக்கொள்ளக் கூடாது. மஞ்சளையும் மிளகுச் சத்தையும் சேர்த்து விற்கிற மாத்திரைகள் வேண்டவே வேண்டாம். சிலருக்கு அதனால் ஈரல் கெட்டிருக்கிறது. நாம் சமையலில் போடுகிற மஞ்சள் வேறு, டப்பாவில் வருகிற அந்தச் செறிவு வேறு.

ஆவி பிடிக்கிறப்போ கற்பூரம் போடலாமா? தைலம் எத்தனை சொட்டு? உள்ளுக்கும் ரெண்டு சொட்டு சர்க்கரைல விட்டுக் குடிக்கிறாங்களே?

கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: கூடாது. நீலகிரித் தைலமும் கற்பூரமும் உள்ளுக்கு இல்லவே இல்லை. கற்பூரம் வயிற்றுக்குப் போனால் கொஞ்ச நேரத்திலேயே வலிப்பு வரலாம். சின்னக் குழந்தைக்கு ஒரு சின்னத் துண்டே போதும். அது சாமிக்கு ஏற்றுவதற்காகச் செய்தது, மருந்துக்காகச் செய்ததில்லை. பூச்சி உருண்டையும் பார்க்க அதே மாதிரி வெள்ளையாக இருக்கும், அது இன்னொரு விஷம். இரண்டையும் சமையல் அலமாரியில் வைக்காதே.

யாராவது தெரியாமல் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயற்சி செய்யாதே, பால் ஊற்றாதே. டப்பாவையும் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரி. அங்கே ஆம்புலன்ஸுக்கு 998.

ஆவி என்றால் எனக்கு நம் காளிங்கராயன் தெரு வீட்டுத் திண்ணைதான் ஞாபகம். உனக்கு அப்போது ஆறு வயது. எதிர்வீட்டுப் பாட்டி கொதிக்கிற அண்டாவை மடியருகே வைத்துப் போர்வை போர்த்திப் பேரனுக்கு ஆவி பிடிக்க வைத்தார். பையன் மூச்சு முட்டி உதறினான். அண்டா சாய்ந்து தொடை முழுக்க வெந்துவிட்டது. மூன்று வாரம் கட்டுப் போட்டார்கள். சளி பத்து நாளில் தானாகப் போயிருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு ஆவி வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு அந்தத் தொடைதான் காரணம்.

உனக்கு இப்படிச் செய்: தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பை அணை. அகலமான, அடி கனத்த பாத்திரத்தில் ஊற்றி மேசை மேல் வை. கட்டில் மேலோ மடியிலோ வேண்டாம், உன் கட்டில் அடுக்குக் கட்டில் வேறு. ஒரு நிமிஷம் பொறுத்து, ஒரு முழ தூரத்தில் முகத்தை வை. கண்ணை மூடிக்கொள். ஐந்து நிமிஷம் போதும். வெறும் தண்ணீரே மூக்கை இளக்கும். வாசனைக்கு வேண்டுமானால் நொச்சி இலையோ இரண்டு சொட்டுத் தைலமோ. ஆஸ்துமா இருக்கிறவர்களுக்குத் தைல வாசனை மூச்சை இறுக்கிவிடலாம், அவர்கள் இதைச் செய்ய வேண்டாம். சரி, அங்கே வெந்நீர்க் குழாய் இருக்கிறதே, குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு வெந்நீரைத் திறந்துவிட்டு நின்றாலே பாதி வேலை முடிந்துவிடும். அதில் கொட்டுகிற பயமே இல்லை.

தைலத்தை மூக்குக்குள் தடவாதே. நெஞ்சிலும் முதுகிலும் மெல்லிசாகத் தடவு, தடவின கையைக் கழுவு. காண்டாக்ட் லென்ஸ் போடுகிற உன் நண்பனுக்கு இதை அழுத்திச் சொல்.

காய்ச்சல் வந்தா நிலவேம்பு குடிக்கணுமா பனடால் போடணுமா? ரெண்டும் சேர்த்து எடுக்கலாமா?

காய்ச்சலில் முதலில் பார்க்க வேண்டியது எப்படி வந்தது என்பதுதான். மொட்டை மாடியில் ஏசி யூனிட் மாட்டிவிட்டு வந்து, தோல் சுடுகிறது, தலை சுற்றுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் அது காய்ச்சலே இல்லை, வெயில் தாக்கு. அதற்கு நிலவேம்பும் வேலை செய்யாது, பனடாலும் வேலை செய்யாது. நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியானம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறதே, அந்த நேரத்தில் மாடி ஏறாதே.

உண்மையான காய்ச்சல் என்றால் பாராசிட்டமால்தான். நீ "பனடால்" என்று சொல்வதும் இங்கே நாங்கள் "குரோசின்" என்று சொல்வதும் ஒரே மருந்து. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றோ இரண்டோ, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் மொத்தம் 8 மாத்திரை, அதாவது 4 கிராம், அதற்கு மேல் ஒன்றுகூடக் கூடாது. மெலிந்தவர்கள், தினமும் குடிக்கிறவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்கள் இதிலும் குறைவாகத்தான் எடுக்க வேண்டும்.

மாட்டிக்கொள்கிற இடம் எது தெரியுமா? போன தடவை நீ சொன்ன கணக்கையே எடுத்துக்கொள். காலை 6 மணிக்கு பனடால் 2. பத்து மணிக்கு மூக்கு ஒழுகுகிறது என்று சளி மாத்திரை 2. பன்னிரண்டுக்குப் பனடால் 2. நாலு மணிக்குச் சளி மாத்திரை 2. ஆறு மணிக்குப் பனடால் 2. "ரெண்டும் வேற வேற மருந்து, ஒவ்வொண்ணும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவைதானே" என்று நினைத்திருக்கிறாய். அந்தச் சளி மாத்திரை ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கிறது, அட்டையில் சின்ன எழுத்தில் போட்டிருப்பான். மொத்தம் 10 மாத்திரை, 5 கிராம். அதுவும் பன்னிரண்டு மணி நேரத்துக்குள். ஈரல் கெடுவது அன்றைக்குத் தெரியாது, இரண்டு மூன்று நாள் கழித்துக் கண் மஞ்சளாகும்போதுதான் தெரியும். இனிமேல் ஒரு தாளில் மணியையும் எண்ணிக்கையையும் எழுதி, அட்டையில் ரப்பர் பேண்டு போட்டு வை. எந்த மாத்திரை வாங்கினாலும் அதில் "பாராசிட்டமால்" என்ற சொல் இருக்கிறதா என்று தேடு.

நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்கு: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம். டெங்கு காலத்தில் நம் ஊரில் முக்குக்கு முக்கு வைத்துக் கொடுத்தார்களே, அதுதான். ஒரு டீஸ்பூன் பொடிக்கு ஒரு டம்ளர் தண்ணீர், கால் டம்ளராகச் சுண்டியதும் வடிகட்டி, ஆறியதும் குடிக்க வேண்டும். வைத்து மூன்று மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடு. மூன்று முதல் ஐந்து நாள். பாராசிட்டமாலோடு அதே நேரத்தில் குடிக்காமல் ஒரு மணி நேர இடைவெளி விடு. சிலருக்கு நிலவேம்பு ஒத்துக்கொள்ளாது. குடித்ததும் தடிப்பு, அரிப்பு, உதடு வீக்கம் வந்தால் அதோடு நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரி போ. கர்ப்பிணிகளுக்கு வேண்டாம்.

நிலவேம்பு குடித்தேன், அதனால் டெங்கு இல்லை என்று மட்டும் நினைக்காதே. நீ லீவுக்கு வந்து போன இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் "சென்னையிலிருந்து வந்தேன்" என்று முதல் வாக்கியமாகச் சொல். டெங்கு இல்லை என்று தெரியும் வரை வலிக்கு ஐப்யூபுரூஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதுவும் போடாதே, ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். டெங்குவில் ஆபத்து காய்ச்சல் கொதிக்கும்போது அல்ல, காய்ச்சல் இறங்குகிற மூன்றாவது நாளுக்கும் ஏழாவது நாளுக்கும் இடையில்தான். காய்ச்சல் விட்டது என்று எல்லோரும் நிம்மதியாகிற நேரத்தில் வயிறு கடுமையாக வலித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, ஈறில் ரத்தம் வந்தாலோ, ஆள் சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதே.

வயிறு கலங்கினா நீ கசகசா அரைச்சுப் பால்ல குடுப்பியே, அதை ஒரு கால் கிலோ பார்சல்ல வைம்மா.

வைக்க மாட்டேன். இந்தக் கடிதத்திலேயே என்னைப் பதற வைத்தது இந்த வரிதான். கசகசா அபின் செடியின் விதை. நம் ஊரில் மளிகைக் கடைச் சரக்கு, குருமாவுக்குப் போடுகிறோம். ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள், சவூதியிலும் சிங்கப்பூரிலும் அப்படியே. விமான நிலையத்தில் பையில் அகப்பட்டால் சமையலுக்கு என்று சொல்லித் தப்பிக்க முடியாது, போதைப்பொருள் வழக்கு. யாராவது அத்தை மாமா "இந்தா தம்பி, மசாலாப் பொடி" என்று கொடுத்தாலும் உள்ளே கசகசா அரைத்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்கு. நம் வீட்டுக் கறிமசாலாவில் போடுவேன், அதனால் உனக்கு அனுப்புவதற்குத் தனியாக அரைத்தேன்.

இன்னொன்று. கோடீன் சேர்ந்த இருமல் சிரப், டிரமடால் வலி மாத்திரை இரண்டும் அங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை. இங்கே டாக்டர் எழுதிக் கொடுத்தாலும், அங்கே சுகாதாரத் துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்காமல் எடுத்துப் போகாதே.

வயிற்றுப்போக்குக்குக் கசகசாவை விடப் பெரிய மருந்து உன் சமையலறையிலேயே இருக்கிறது. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலைதட்டின டீஸ்பூன் சர்க்கரை 6, அரை டீஸ்பூன் உப்பு. இவ்வளவுதான். 1992ல் சென்னையில் புது வகைக் காலரா தலைகாட்டியபோது எங்கள் பக்கம் குடம் குடமாக இதைக் கலக்கினார்கள். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. முதல் பாடமே உப்பை அளக்கச் சொன்னதுதான். கலந்ததும் நாக்கில் வைத்துப் பார், கண்ணீரை விட உப்பாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடியும் கலக்கு. உப்பு கூடினால் உடம்பில் இருக்கிற தண்ணீரையும் அது இழுத்துக்கொண்டு போய்விடும். சர்க்கரை கூடினால் பேதி கூடும். பாக்கெட் வாங்கினால் அதில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருப்பதைப் படி. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டும் உண்டு, 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் உண்டு. லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் குடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு தடவை போய்விட்டு வந்த பிறகும் ஒரு டம்ளர், மெதுவாக. வாந்தி வந்தால் பத்து நிமிஷம் விட்டு, ஸ்பூனில் குடி. கலந்தது 24 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கஞ்சியும் மோர்சாதமும் சாப்பிடு, பட்டினி கிடக்காதே. ஓமவாட்டர் வயிற்றுப் பொருமலுக்கு நல்லது, பேதியை நிறுத்தாது. ரத்தம் கலந்து போனாலும், காய்ச்சல் சேர்ந்தாலும், ஆறு மணி நேரமாகச் சிறுநீரே வராவிட்டாலும் டாக்டர்.

பல்லு வலி?

பஞ்சில் ஒரே சொட்டுக் கிராம்புத் தைலம், வலிக்கிற பல்லில் மட்டும். ஈறில் பட்டால் வெந்துபோகும். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும் வரைக்கும் தாங்குவதற்கு மட்டும்தான் இது. தாடை வீங்கினாலோ வாய் திறக்க முடியாவிட்டாலோ காத்திருக்காதே.

மேல் மாடியில குடும்பத்தோட இருக்கிற அண்ணி எட்டு மாசக் குழந்தைக்கு உரைமருந்து குடுக்கணுமாம், உன்னைக் கேக்கச் சொன்னாங்க.

உனக்கும் உன் தம்பிக்கும் நான் கொடுத்தேன், மறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல் முடிந்ததும் சந்தனக்கல்லில் வசம்பு இரண்டு சுற்று, ஜாதிக்காய் ஒரு சுற்று, மாசிக்காய், கடுக்காய், தாய்ப்பாலில் குழைத்து. நீ நன்றாகத் தூங்குவாய். இப்போது யோசித்தால், மருந்து வயிற்றைச் சரி செய்ததால் தூங்கினாயா, ஜாதிக்காய் மயக்கத்தில் தூங்கினாயா என்று சந்தேகமாக இருக்கிறது. ஜாதிக்காய்க்குக் கிறுகிறுக்க வைக்கிற குணம் உண்டு. உரைக்கிற கை அழுத்தத்தைப் பொறுத்து அளவு இரண்டு மடங்குகூட ஆகிவிடும். எட்டு கிலோ எடையுள்ள குழந்தைக்கு அந்த வித்தியாசம் பெரிசு.

அந்த அண்ணியிடம் நான் சொன்னதாகச் சொல்: உரைமருந்து வேண்டாம். ஒரு வயது முடியும் வரை தேனைக் கண்ணில்கூடக் காட்ட வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து சின்னக் குழந்தையின் குடலில் முளைத்து விஷத்தை உண்டாக்கும். முதலில் மலச்சிக்கல் வரும், பிறகு அழுகை மெலியும், கழுத்து நிற்காது. ஒரு வயதுக்கு மேல் இருமலுக்கு அரை டீஸ்பூன் தேன் தாராளமாகக் கொடுக்கலாம், அதை விட நல்ல இருமல் மருந்து சின்னப் பிள்ளைக்கு இல்லை என்பேன். கண்ணில் தாய்ப்பால், காதில் எண்ணெய், மூக்கில் வெங்காயச் சாறு இதெல்லாமும் வேண்டாம். வசம்பைக் கையில் வளையலாகக் கட்டிவிடட்டும், அதுகூட வாயில் போடாமல் பார்த்துக்கொண்டால்தான்.

சாட்டையால அடிச்ச மாதிரி முதுகு வலிக்குது. ஒரு வைத்தியர் சூரணம் அனுப்புறாராம், மூணு நாள்ல கேக்குமாம்.

மூன்று நாளில் வலி பறந்துவிடுகிறது என்றால் அதில் ஸ்டீராய்டு பொடியைக் கலந்திருப்பார்களோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். பெயரும் சரக்குப் பட்டியலும் தயாரிப்பு உரிம எண்ணும் காலாவதித் தேதியும் இல்லாத பொட்டலத்தை வாயில் போடாதே. பற்பம், செந்தூரம் என்றால் உலோகம் சேர்ந்த மருந்து. அதைத் தெரிந்த சித்த மருத்துவர் நாடி பார்த்து, எத்தனை நாள் என்று சொல்லி, நேரில் கொடுக்க வேண்டியது. கூரியரில் வரக் கூடாது. உனக்கு வலி பளு தூக்குவதால் வருகிறது. காலுக்கு இறங்கி மரத்துப்போனால், சிறுநீர் கட்டுப்படாவிட்டால் உடனே டாக்டர். இல்லாவிட்டால் வெந்நீர் ஒத்தடம், கனமான யூனிட்டை இரண்டு பேராகத் தூக்குவது.

சரிம்மா, பார்சல்ல என்னென்ன வைக்கிறே?

முழுச் சுக்கு நூறு கிராம், தனியா, மிளகு, திப்பிலி ஒரு சின்னப் பொட்டலம், பனங்கற்கண்டு, ஓமம், விரலி மஞ்சள். நிலவேம்புக் குடிநீர்ப் பொடி ஒரு சீல் போட்ட டப்பா, அரசு உரிம எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். அதிமதுரம் வைக்கவில்லை, அந்த அண்ணன் கையில் மறுபடியும் கிடைத்துவிடும். எல்லாவற்றிலும் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும், வாங்கின தேதி, எத்தனை நாள், யாருக்குக் கூடாது என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். சுங்கத்தில் பெயர் தெரியாத பொடியைப் பார்த்தால்தான் பிரித்துக் கொட்டுவார்கள். உன் டீஸ்பூன் பெரிதா சின்னதா என்று எனக்குத் தெரியாது, அதனால் 5 மில்லி அளவு ஸ்பூன் ஒன்றும் உள்ளே இருக்கிறது. மருந்து டப்பாவோடு வந்ததுதான். அதை உப்புக்கும் சர்க்கரைக்கும் மட்டும் வைத்துக்கொள், சாம்பாரில் போட்டுக் கிண்டிவிடாதே.